ஜவுளிக் கடைக்கு நடைமுறை மூலதனக் கடன்: வங்கிக்கு விண்ணப்பக் கடிதம் எழுதும் முறை

சரக்கு வாங்கப் பணம் வேண்டும் என்று வங்கிக்குப் போனால் மேலாளர் முதலில் கேட்பது, "எவ்வளவு, ஏன் அவ்வளவு?" என்பதுதான். அதற்கான பதில் கடிதத்திலேயே இருக்க வேண்டும். ஆகவே பேனாவை எடுக்குமுன் கணக்கைப் போட்டுவிடுவோம்.

படி 1: தொகையைக் கண்டுபிடியுங்கள்

ஒரு சிறிய ரெடிமேட் கடையை எடுத்துக்கொள்வோம். சென்ற ஆண்டு விற்பனை 20 லட்சம். பள்ளிச் சீருடையும் சேர்த்தால் வரும் ஆண்டு 24 லட்சம் எதிர்பார்க்கலாம். சிறு தொழில்களுக்கு வங்கிகள் பொதுவாக, எதிர்பார்க்கும் விற்பனையில் 20 சதவீதம் வரை நடைமுறை மூலதனக் கடன் தருகின்றன. அதன்படி 4.8 லட்சம் வருகிறது. பலர் இந்த எண்ணையே கடிதத்தில் எழுதிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம், கடையில் உள்ள சரக்கு இந்தத் தொகையைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

24 லட்சம் விற்பனையில் கால் பங்கு லாபம் போனால் சரக்கின் அடக்கவிலை 18 லட்சம். நான்கு மாதச் சரக்கு கையிருப்பில் இருக்க வேண்டுமானால் 6 லட்சம். இதில் 1.2 லட்சம் மொத்த வியாபாரிகளுக்குத் தர வேண்டிய பாக்கியாக நிற்கும். மீதி 4.8 லட்சம். அதில் வங்கி கால் பங்கை உங்கள் பங்காகக் கழித்தால் 3.6 லட்சம். கேட்க வேண்டிய தொகை இதுதான்.

படி 2: கடன் வகையைக் குறிப்பிடுங்கள்

வெறுமனே 'கடன்' என்று எழுதினால் மாதத் தவணைக் கடன் கொடுத்துவிடக்கூடும். சரக்கு வாங்கி விற்கும் கடைக்குப் பொருத்தமானது கேஷ் கிரெடிட். எடுத்த பணத்துக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி. 3.6 லட்சம் என்பது முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவில், அதாவது 50,000 முதல் 5 லட்சம் வரையிலான பிரிவில் வருகிறது. இதற்குச் சொத்துப் பிணை கேட்பதில்லை, சரக்கே ஈடு.

படி 3: கடிதம்

'மாண்புமிகு', 'தாழ்மையுடன்' எல்லாம் ஒரு முறை போதும். குடும்பக் கஷ்டம் வேண்டவே வேண்டாம்.

> அனுப்புநர்: உரிமையாளர் பெயர், கடைப் பெயர், முகவரி, உத்யம் என்னும் சிறுதொழில் பதிவின் எண்
>
> பெறுநர்: கிளை மேலாளர், வங்கி, கிளை
>
> பொருள்: முத்ரா கிஷோர் திட்டத்தில் ரூ.3,60,000 கேஷ் கிரெடிட் வேண்டி
>
> ஐயா / அம்மையீர்,
>
> ஏழு ஆண்டுகளாக மேற்கண்ட முகவரியில் ரெடிமேட் ஆடைக் கடை நடத்திவருகிறேன். தங்கள் கிளையில் நடப்புக் கணக்கு வைத்துள்ளேன். சென்ற ஆண்டு விற்பனை ரூ.20 லட்சம். ஈரோடு, திருப்பூர் வியாபாரிகளிடம் கடனுக்குச் சரக்கு எடுப்பதால் விலை கூடுகிறது. ரொக்கத்துக்கு வாங்கவும், பள்ளிச் சீருடைப் பிரிவைத் தொடங்கவும் ரூ.3,60,000 கேஷ் கிரெடிட் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கடைச் சரக்கை ஈடாகத் தருகிறேன். விற்பனைத் தொகை முழுவதையும் இந்தக் கணக்கிலேயே செலுத்துவேன்.
>
> இப்படிக்கு,
> கையொப்பம், நாள்

படி 4: திட்டச் சுருக்கம்

தனித்தாளில் அரைப் பக்கம் போதும்.

> தற்போதைய நிலை: சரக்கு ரூ.3.6 லட்சம், வியாபாரி பாக்கி ரூ.2.4 லட்சம், சொந்தப் பணம் ரூ.1.2 லட்சம்.
>
> கடன் செலவாகும் விதம்: பாக்கியில் ரூ.1.2 லட்சம் அடைக்க. புதிய சரக்கு ரூ.2.4 லட்சம்.
>
> கடனுக்குப் பின்: சரக்கு ரூ.6 லட்சம் = வங்கி 3.6 + வியாபாரி பாக்கி 1.2 + சொந்தம் 1.2.
>
> விற்பனை உயர்வு ரூ.4 லட்சம்: சுற்றியுள்ள பள்ளிகளின் சீருடை. சரக்கு ஏப்ரலில் எடுத்து, மே, ஜூனில் விற்பனை.

கடிதத்தில் உள்ள எண்ணும் இந்தத் தாளில் உள்ள எண்ணும் ஒரு ரூபாய்கூட மாறக் கூடாது.

படி 5: இணைப்புகள்

ஆதார், பான், உத்யம் சான்று, வாடகை ஒப்பந்தம், ஓராண்டு வங்கிக் கணக்கு விவரம், கொள்முதல் பில்கள். பொருள் விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்தால் தமிழ்நாட்டுக்குள் விற்கும் கடைக்குப் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. அப்படியானால் உங்கள் 20 லட்சம் விற்பனைக்குச் சாட்சி வங்கிக் கணக்குதான். கியூஆர் பணம் ஒரு கணக்கிலும் ரொக்கம் வீட்டு அலமாரியிலும் சேர்ந்தால், கணக்கில் தெரிகிற விற்பனையைத்தான் வங்கி நம்பும். விண்ணப்பிக்கச் சில மாதங்கள் முன்பிருந்தே ரொக்கத்தையும் கணக்கில் கட்டுங்கள்.

கடை பார்க்க வரும்போது

அதிகாரி முன்வரிசைச் சேலைகளை ரசிக்க வரவில்லை. பின் அலமாரியில் கிடக்கும் பெட்டியைத் திறப்பார். போன தீபாவளிக்கு வாங்கி, மடிப்பில் பழுப்பேறிய சட்டைகள் அதில் இருந்தால் அவற்றைச் சரக்கு மதிப்பில் சேர்க்க மாட்டார். விற்பனை விலையில் மதிப்புப் போட்டிருந்தாலும் அங்கேயே பிடிபடும். நான்கைந்து ஆடைகளின் பில்லைக் கேட்டாலே போதும். அடக்கவிலையில்தான் எழுத வேண்டும்.

கடன் அனுமதியான அன்றே 3.6 லட்சத்தையும் எடுக்க முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இன்றைய சரக்கு 3.6 லட்சத்தில் பாக்கி 2.4 லட்சம் போக 1.2 லட்சம், அதில் முக்கால் பங்கு, அதாவது 90,000 வரைதான் முதலில் எடுக்கலாம். பாக்கி குறைந்து சரக்கு ஏற ஏற இந்த வரம்பும் ஏறும். அதைக் காட்டுவது நீங்கள் கொடுக்கும் சரக்கு இருப்பு அறிக்கை. ஏப்ரலில் சீருடை எடுக்க வேண்டுமென்றால் கடிதத்தை ஜனவரியிலேயே கொடுத்துவிடுங்கள்.