கடத்துத்திறன் மானி: எண் சரி, பொருள் கொள்வதில்தான் தவறு

கடத்துத்திறன் மானிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: கரைசலில் எத்தனை அயனிகள் இருக்கின்றன, அவை எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்பதன் மொத்தக் கணக்கு. எந்த அயனி என்று அது சொல்லாது. அயனியாகாத பொருள் அதன் கண்ணில் படவே படாது. ஆய்வகத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

முதலில் தண்ணீர். எண் குறைவாக இருந்தால் தண்ணீர் சுத்தம் என்று எழுதிவிடுகிறோம். காய்ச்சி வடித்த நீரில் ஒரு கரண்டி சர்க்கரையைக் கரைத்துப் பாருங்கள், மானி கிட்டத்தட்ட அசையாது. பூச்சிக்கொல்லியின் எச்சமோ கிருமியோ இருந்தாலும் அப்படித்தான். எண் குறைவு என்றால் அயனி குறைவு, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. 25 டிகிரி செல்சியஸில் மிகத் தூய நீரின் கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 0.055 மைக்ரோசீமன்ஸ். அதைத் திறந்த பீக்கரில் பிடித்து வைத்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் ஏறத் தொடங்கி 1-ஐ ஒட்டி வந்து நிற்கும். சுத்திகரிப்புக் கருவி கெட்டுவிட்டது என்று அவசரப்பட வேண்டாம். காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு கரைந்து அயனியாகியிருக்கிறது, அதுதான் காரணம். இவ்வளவு தூய நீரைக் குழாயிலேயே, காற்று படாமல் ஓடவிட்டு அளக்க வேண்டும். பீக்கரில் அளந்த எண் பாதி காற்றின் கதைதான்.

அப்புறம் தரம்பார்த்தல். இங்கே அதிகம் பேரைக் கவிழ்ப்பது கரைசலின் கன அளவு கூடிக்கொண்டே போவது. 50 மில்லி 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். அயனிகளின் மோலார் கடத்துத்திறனை வைத்துக் கணக்கிட்டால் தொடக்கத்தில் சுமார் 4.26 மில்லிசீமன்ஸ் வரும். சோடியம் ஹைட்ராக்சைடு சேர்க்கச் சேர்க்க, வேகமாக ஓடும் ஹைட்ரஜன் அயனியின் (சுமார் 350) இடத்தில் மெதுவான சோடியம் அயனி (சுமார் 50) வந்து உட்காருகிறது. அதனால் கடத்துத்திறன் நேர்கோட்டில் இறங்க வேண்டும்.

காரத்தையும் 0.01 மோலாராகவே எடுத்தால் என்ன ஆகும்? பாதி வழியில், அதாவது 25 மில்லி சேர்த்ததும், 1.84 வருகிறது. சமான புள்ளியில் 0.63. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே நேர்கோடு போட்டால் பாதி வழியில் 2.45 இருந்திருக்க வேண்டும். கோடு தொய்ந்துவிட்டது. தொய்ந்த கோட்டின்மேல் அளவுகோலை வைத்து வெட்டுப்புள்ளி தேடினால், எங்கே வைக்கிறோமோ அதற்கேற்ப விடை மாறும்.

காரத்தைப் பத்து மடங்கு அடர்வாக, 0.1 மோலாராக எடுங்கள். மொத்தம் 5 மில்லிதான் செலவாகும். பாதி வழியில் 2.63 வரும். அதையும் அப்படியே வரைபடத்தில் குறிக்காமல், அப்போதைய மொத்தக் கன அளவை (52.5) தொடக்க அளவால் (50) வகுத்துப் பெருக்குங்கள்: 2.76. சமான புள்ளிக்கும் இதேபோல் திருத்தினால் 1.26. 4.26, 2.76, 1.26 மூன்றும் ஒரே கோட்டில் விழுகின்றன.

வீழ்படிவுத் தரம்பார்த்தலில் இந்தத் திருத்தம் இன்னும் முக்கியம். 0.01 மோலார் சோடியம் குளோரைடில் 0.1 மோலார் சில்வர் நைட்ரேட்டைச் சேர்த்தால், குளோரைடு (76) வீழ்படிவாகப் போய் நைட்ரேட் (71) வருகிறது. வேகம் கிட்டத்தட்ட ஒன்றே. உண்மையான இறக்கம் 1.26-லிருந்து 1.21 வரைதான். திருத்தாமல் விட்டால் 1.10 என்று காட்டும், அதாவது நாம் காணும் இறக்கத்தில் பாதிக்கு மேல் வெறும் நீர்த்தலால் வந்தது. சமான புள்ளி தாண்டியதும் மிச்சப்படும் சில்வர் நைட்ரேட்டால் எண் சட்டென ஏறும்.

பிஎச் மானியில் பழகியவர்கள் சமான புள்ளியை ஒட்டித் துளித்துளியாகச் சேர்த்து நிறைய அளவீடு எடுப்பார்கள். இங்கே அது வீண் வேலை. வீழ்படிவு சிறிதளவு கரைவதால் அந்த இடத்தில் முனை மழுங்கியிருக்கும். இருபுறமும் சற்றுத் தள்ளி நாலைந்து அளவீடு எடுத்து, கோடுகளை நீட்டி வெட்டுப்புள்ளியைப் பிடிப்பதே சரி. ஒவ்வொரு முறை சேர்த்த பிறகும் நன்றாகக் கலக்கி, எண் நிலைக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

மின்முனையில் சில்வர் குளோரைடு படிந்தால் எண் தானாகக் கீழே நழுவும். பஞ்சால் தேய்த்தால் பிளாட்டினக் கருமை உரிந்துவிடும். நீர்த்த அமோனியாவில் சற்று முக்கி எடுத்துக் கழுவுங்கள். அந்தக் கழுவலைச் சேமித்து வைக்காதீர்கள், வெடிக்கக்கூடிய சில்வர் சேர்மம் உருவாகலாம், உடனே நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து அமிலமாக்குங்கள். பிறகு 25 டிகிரியில் 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடில் மின்முனையை வைத்துப் பாருங்கள். 1413 மைக்ரோசீமன்ஸ் வந்தால் அடுத்த தரம்பார்த்தலைத் தொடங்கலாம்.