பட்டிமன்றப் பேச்சு தயாரிப்பது எப்படி: குறளை எங்கே வைப்பது?

குடும்பம் செழிக்கப் பெரிதும் துணை நிற்பது வருமானத்தைப் பெருக்குவதா, செலவைச் சுருக்குவதா என்ற தலைப்பில், செலவைச் சுருக்கும் அணிக்காக நீங்கள் எட்டு நிமிடம் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை, எதிரணி எதை எடுக்கும் என்று கணிப்பது. "பொருளில்லார்க்கு இவ்வுலகம் இல்லை" என்று அவர்கள் பெரும்பாலும் சொல்வார்கள். அந்தக் குறள் "அருளில்லார்க்கு அவ்வுலகம் இல்லை" என்று தொடங்குவதையும், அது அருளுடைமை அதிகாரத்தில் இருப்பதையும் நினைவில் வைத்திருந்தால் பதில் தானாக வந்துவிடும்: "நடுவர் அவர்களே, பாதிக் குறளைச் சொல்லி முழுக் கைத்தட்டலையும் வாங்கிவிட்டார். குறைந்த செலவில் நிறைந்த வரவு! அவர் எங்கள் அணிக்குத்தான் பேசியிருக்கிறார்."

அடுத்தது ஓசை. இரண்டு வாக்கியங்களை ஒரே அமைப்பில் சொல்லி, மூன்றாவதைத் திருப்ப வேண்டும். சிரிப்பு வரவேண்டிய சொல் கடைசியில் நிற்க வேண்டும். "முதல் தேதி வருவது சம்பளம். மூன்றாம் தேதி போவது தவணை. ஐந்தாம் தேதி ஏறுவது நம் பெயர், அண்ணாச்சி கடை நோட்டில்!" நோட்டு முன்னால் வந்துவிட்டால், அவை சிரிப்பதற்குள் நீங்கள் இன்னும் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

பலர் சறுக்கும் இடம் செய்யுள்தான். தொடக்கத்தில் சொன்னால் அது கடவுள் வாழ்த்துப்போல் கடந்துவிடும். மணி அடித்தபின் சொன்னால் அவசரத்தில் நசுங்கும். ஐந்தாம் நிமிடத்தையொட்டி, மேற்சொன்ன சிரிப்பு அடங்கும் தறுவாயில் வைப்பதையே நான் விரும்புகிறேன். பொருளை முதலில் சொல்லிவிடுங்கள்: வரும் வழி சிறியதானாலும் கேடில்லை, போகும் வழி அகலாதிருந்தால். அதன்பின் குறள்:

ஆகாறு அளவிட்டி தாயினும் கேடில்லை
போகாறு அகலாக் கடை.

அச்சில் உள்ள சீர்ப்பிரிப்பை அப்படியே படித்தால் அவையின் காதில் "தாயினும்" என்று விழுந்து, ஏதோ அம்மாவைப் பற்றிய பாட்டு என்று நினைத்துக்கொள்ளும். "அளவு இட்டிது ஆயினும்" என்று பிரித்துச் சொல்லுங்கள். "கேடில்லை" என்ற இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தி, இரண்டாம் அடியைக் குரல் தாழ்த்திச் சொல்லுங்கள். பொருளை முன்பே சொல்லிவிட்டதால் மீண்டும் உரை எழுத வேண்டாம். அடுத்த வாக்கியத்திலேயே அண்ணாச்சி நோட்டுக்குத் திரும்பிவிடலாம். வேறு செய்யுள் எதையும் சேர்க்காதீர்கள். இரண்டாவது பாட்டு முதல் பாட்டை மறக்கடிக்கும்.

குறிப்புகளுக்குக் கைபேசியைவிட அஞ்சலட்டை அளவுத் தாளே நல்லது. திரை அணைந்தால் கண் அவையை விட்டு விலகிவிடும்.

பின்சேர்க்கை: அந்தக் குறள் வலியறிதல் அதிகாரத்தில் அரசனுக்காகச் சொல்லப்பட்டதாயிற்றே என்று எதிரணி மடக்கினால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். மறுக்க வேண்டாம், ஒப்புக்கொண்டு இப்படித் திருப்புங்கள்: "உண்மைதான், நடுவர் அவர்களே. கஜானா வைத்திருந்தவனுக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், கடன் அட்டை வைத்திருப்பவருக்கு?"