ராக்கபில்லி ஒலியைத் தேடுபவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

கன்ட்ரியும் ப்ளூஸும் கலந்து 1950-களில் அமெரிக்காவில் பிறந்த ராக்கபில்லி பாணியில் ஒரு பாட்டைப் பதிவு செய்ய நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது எக்கோவில்தான். முதல் தவறும் அங்கேயே நடந்துவிடுகிறது. ரிவெர்பைத் தாராளமாகத் திறந்துவிட்டுப் பாடகரைக் கிணற்றுக்குள் தள்ளிவிடுகிறார்கள். ராக்கபில்லிக்கு வேண்டிய ஸ்லாப்பேக் எக்கோ அப்படிப்பட்டதல்ல. அதில் வருவது ஒரே ஒரு எதிரொலி. சொல்லின் குதிகாலிலேயே வந்து, வந்த வேகத்தில் முடிந்துவிடும்.

மெம்ஃபிஸ் நகரத்தின் சன் ஸ்டுடியோவில் அதன் உரிமையாளர் சாம் ஃபிலிப்ஸ் இதைச் செய்த விதத்தைப் பார்த்தால் அளவு தானாகப் புரியும். பாட்டைப் பதிவு செய்ய ஒரு டேப் இயந்திரம். அதே ஒலியை இன்னொரு டேப் இயந்திரத்துக்கும் அனுப்பினார். அதில் பதியும் ஹெட் ஒன்று, அதைத் தாண்டிச் சற்றுத் தள்ளிப் படிக்கும் ஹெட் ஒன்று. அங்கே படித்த ஒலியை அசலோடு கலந்தார். டேப் முதல் ஹெட்டிலிருந்து இரண்டாவதுக்குப் போய்ச் சேரும் நேரம்தான் தாமதம். இடைவெளி 2 அங்குலம், டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், சுமார் 130 மில்லிசெகண்ட் வருகிறது.

இன்றைய டிலே பெடலிலோ மென்பொருளிலோ 80 முதல் 140 மில்லிசெகண்டுக்குள் வைத்து, எதிரொலியைத் திரும்பத் திரும்ப வரவைக்கும் ஃபீட்பேக்கைச் சுத்தமாகக் குறைத்துவிடுங்கள். பல மென்பொருள்கள் தாமதத்தைப் பாட்டின் தாள வேகத்தோடு தாமாகவே பூட்டிவிடும். அந்த வசதியையும் அணைத்துவிடுவது நல்லது. ஃபிலிப்ஸின் டேப்புக்குத் தாளம் தெரியாது. அடிக்கும் எதிரொலிக்கும் இடையே இருந்த அந்தச் சின்ன உரசல்தான் பாட்டுக்குத் துள்ளலைக் கொடுத்தது. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க மைக் முன்னால் ஒரு முறை கைதட்டுங்கள். இரண்டு தட்டல் கேட்டு அப்புறம் அமைதி வந்தால் சரி. மூன்றாவது கேட்டால் ஃபீட்பேக் இன்னும் அதிகம்.

எக்கோ எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் எல்விஸ் பிரெஸ்லியின் 1954, 55 சன் பதிவுகளையும் ‘ஹார்ட்பிரேக் ஹோட்டல்’ பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். பின்னது 1956 ஜனவரியில் ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்காக நாஷ்வில்லில் பதிவானது. அங்கே கட்டடத்தின் நடைவழியையே எதிரொலிக்குப் பயன்படுத்தினார்கள். அருமையான பாட்டுதான், ஆனால் அந்த எக்கோ பரந்து விரிந்து நிற்கிறது; சன் பதிவுகளின் சுருக்கென்ற துடிப்பு அதில் இல்லை.

அடுத்து பேஸ். 1954 ஜூலையில் எல்விஸின் முதல் சன் பதிவில் டிரம்ஸே கிடையாது. எல்விஸ் கையில் ரிதம் கிட்டார், ஸ்காட்டி மூர் கையில் எலெக்ட்ரிக் கிட்டார், பில் பிளாக் கையில் ஆளுயர நிற்கும் பேஸ். டிரம்மர் செய்ய வேண்டிய வேலை பெரிதும் பேஸின் மேல் விழுந்தது. விரலைத் தந்திக்குள் கொக்கிபோல் கொடுத்து வெளிப்பக்கமாக இழுத்துவிட்டால், ஸ்வரத்தோடு சேர்ந்து தந்தி பலகையில் ‘டக்’கென்று மோதும். அதற்கு அடுத்த அடியில் உள்ளங்கையால் தந்திகளைப் பலகையோடு சேர்த்துத் தட்ட வேண்டும். எளிய முறையில், நான்கு அடித் தாளத்தின் 1, 3-இல் இழுப்பு. 2, 4-இல் தட்டு. எலெக்ட்ரிக் பேஸில் கட்டைவிரலால் அடிக்கும் ஸ்லாப் வேறு வித்தை, அதை இங்கே கொண்டுவந்தால் ஃபங்க் வாடை அடிக்கும். இப்படி ஒரு பேஸ் வாசிப்பவரை வைத்துக்கொண்டு, முழு டிரம் செட்டையும் ஓங்கி அடிக்கவிடுவது இன்னும் பெரிய தவறு. ஸ்னேர் விழும் அதே 2, 4-இல்தான் தட்டலும் விழுகிறது. அது அங்கேயே புதைந்துபோகும். டிரம்ஸ் வேண்டுமென்றால் ஸ்னேரில் பிரஷ் போதும்.

ராக்கபில்லி பாடகர்களின் விக்கல் குரலில் நடக்கும் தவறு எல்லா வரியிலும் விக்குவது. நெஞ்சுக் குரலில் இருந்து தலைக்குரலுக்கு ஒரு கணம் தாவித் திரும்புவதுதான் அது. ஜிம்மி ராட்ஜர்ஸ் காலத்து கன்ட்ரி யோடலிங்குக்கு நெருங்கிய உறவு. பட்டி ஹாலி 1958-இல் ‘ரேவ் ஆன்’ பாட்டின் முதல் சொல்லான ‘வெல்’லையே பல துண்டாக உடைத்துத்தான் உள்ளே நுழைகிறார். உடைப்பது உயிரெழுத்தில், தாளம் மட்டும் ஒரு நூல்கூட நகராது. எங்கே உடைக்கப்போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் வெறும் கோமாளித்தனமாகிவிடும்.

கடைசியாக, ராக்கபில்லி என்றால் வேகமாகப் பாடிய கன்ட்ரி என்று ஒதுக்குவதும், ராக் அண்ட் ரோலுக்கு இன்னொரு பெயர் என்று முடித்துவிடுவதும். ஃபேட்ஸ் டாமினோ, லிட்டில் ரிச்சர்ட் போன்றவர்களின் ராக் அண்ட் ரோல் பியானோ, சாக்ஸபோன், டிரம்ஸ் மேல் நிற்கிறது. ராக்கபில்லி கன்ட்ரியின் தந்தி வாத்தியங்களை வைத்துக்கொண்டு, ஃபிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் பெரும்பாலும் இறக்கிவிட்டு, ப்ளூஸின் அடியை உள்ளே எடுத்துக்கொண்டது. எல்விஸின் அந்த முதல் இசைத்தட்டிலேயே இது தெரியும். ஒரு பக்கம் ஆர்தர் கிரடப்பின் ப்ளூஸ் பாட்டு. மறுபக்கம் பில் மன்ரோவின் ‘ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி’, மூன்று அடி வால்ட்ஸ் தாளத்தில் இருந்த ப்ளூகிராஸ் பாட்டு, நான்கு அடிக்கு மாறியது. மன்ரோ அதே ஆண்டில் தன் பாட்டைத் திரும்பப் பதிவு செய்தார்: வால்ட்ஸில் தொடங்கி, நடுவில் எல்விஸின் நான்கு அடிக்கு மாறுகிறார்.