அமைதியான காட்சியில் பதற்றம் வரவில்லையா? ஒலி அடுக்கும்போது எங்கே தவறுகிறோம்

இரவு நேரம். ஒரு பெண் தனியாகச் சமையலறையில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருக்கிறாள், வெளியே கேட் பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள், அது அவளுக்கு இன்னும் தெரியாது. வசனம் இல்லை, இசை இல்லை, ஒன்றரை நிமிடக் காட்சி. இதற்கு ஒலி போட உட்கார்ந்ததும் பலரும் முதலில் செய்வது, ஆரம்பத்திலிருந்தே ட்ரோன் என்கிற, ஒரே சுரத்தில் நீளும் கனமான ஒலியை இழுத்து விடுவதுதான். அதை விட்டுவிடுங்கள். மாறாமல் ஒலிக்கும் எதற்கும் காது சீக்கிரம் பழகிவிடும், ஆள் வரும் நேரத்தில் அது யாருக்கும் உறைக்காது. அதோடு 50 ஹெர்ட்ஸ் பக்கம் உறுமுகிற ட்ரோன் போன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது.

முதல் அரை நிமிடம் வீட்டைச் சாதாரணமாக ஓட விடுங்கள். ஃபேன், ஃபிரிட்ஜின் ரீங்காரம், ஜன்னல் வழியாகச் சில்வண்டு, தூரத்து ரோடு. பதற்றம் வருவது இவற்றை ஒவ்வொன்றாக எடுக்கும்போதுதான். இங்கே நடக்கும் பெரிய தவறு, எல்லாவற்றையும் ஒரே ஆம்பியன்ஸ் கோப்பாகப் போட்டுவிட்டு மொத்தமாக ஃபேட் செய்வது. அப்படிச் செய்தால் யாரோ வால்யூமைக் குறைத்த மாதிரிதான் இருக்கும். சில்வண்டையே இரண்டு டிராக்காக வையுங்கள், கேட் பக்கம் ஒன்று, தூரத்தில் ஒன்று. பக்கத்தில் ஆள் வந்தால் நிஜத்திலும் பூச்சி சட்டென்று நிறுத்திவிடும், அதனால் பக்கத்து டிராக்கை ஒரே வெட்டாக நிறுத்தலாம், தூரத்து டிராக் பதினைந்து இருபது விநாடியில் யாருக்கும் தெரியாமல் கரையட்டும். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. சில்வண்டுச் சத்தம் பெரும்பாலும் 4 கிலோஹெர்ட்ஸ், அதற்கு மேல்தான் நிற்கும், துணி உரசுவது, தாழ்ப்பாள் 'டிக்' என்பதெல்லாம் துலங்குவதும் அந்தப் பக்கத்தில்தான். சில்வண்டு போனதும், அளவைக் கூட்டும் ஃபேடரைத் தொடாமலே சின்னச் சின்ன ஃபோலி, அதாவது நடிப்பவரின் அசைவுக்கேற்பத் தனியாகப் பதிவு செய்து சேர்க்கும் ஒலிகள், மேலே வந்துவிடும்.

அடுத்து ஃபிரிட்ஜ். கம்ப்ரெஸர் ஒரு சின்ன உதறலோடு நிற்கும் அந்த ஒலி இந்தக் காட்சிக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல எஃபெக்ட் என்பேன், ஏனென்றால் அது நிற்கும்வரை ஓடிக்கொண்டிருந்ததே பார்ப்பவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு மூன்று நான்கு விநாடி எதையும் சேர்க்காமல் விடுங்கள். ஆனால் டிராக்கைக் காலியாகவும் விடக்கூடாது, முழு வெறுமை வந்தால் ஸ்பீக்கர் போய்விட்டது என்றுதான் தோன்றும். படப்பிடிப்பில் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அதே மைக்கில் அறையின் வெறும் சத்தத்தை, அதாவது ரூம் டோனை, ஒரு நிமிடம் பதிவு செய்து வைத்திருந்தால் அது இந்த இடத்தில் அடியில் ஓடும்.

இப்போது ஃபோலி. பதிவு செய்த ஒவ்வொரு அடியும், ஒவ்வொரு வளையல் சத்தமும் ஒரே அளவில் கடைசிவரை கேட்டால் பயம் ஒட்டாது. பயந்த மனிதர் சத்தத்தைக் குறைப்பார். முதல் பாதியில் தட்டு, டம்ளர், செருப்பு எல்லாம் தாராளமாக இருக்கட்டும், சந்தேகம் வந்தபிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஒலி போதும், மெதுவாக வைக்கப்படும் ஒரு டம்ளர், அப்புறம் மூச்சு.

வெளியே நடப்பவரின் காலடிக்கு, அறையின் எதிரொலிப்பு போன்ற ரிவெர்ப் போட்டால் தூரம் வந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. மைக்கைக் காலுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்த காலடிக்கு எவ்வளவு ரிவெர்ப் கொடுத்தாலும், அவர் ஒரு பெரிய ஹாலுக்குள் நடப்பது போலத்தான் கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கம் என்றால் முதலில் மேல் அலைவரிசைகள் மழுங்க வேண்டும், 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே நன்றாக வெட்டிப் பாருங்கள். முடிந்தால் அந்தக் காலடியை வாசலில் ஒரு ஸ்பீக்கரில் ஓட விட்டு, ஜன்னலைச் சாத்தி உள்ளே மைக் வைத்துத் திரும்பப் பதிவு செய்யுங்கள். அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் எந்த ஈக்யூவை விடவும் அது நம்பும்படி இருக்கும்.

கேட் தாழ்ப்பாள் ஒலி ஒரே ஒரு முறை போதும், அதோடு நாய், ஆந்தை, கதவுக் கிறீச் எல்லாம் வேண்டாம். அது விழும் இடத்தையும் பாருங்கள். அவள் கை நிற்கும் அதே ஃப்ரேமில் தாழ்ப்பாள் விழுந்தால் பொய்யாகத் தெரியும், கேட்டுவிட்டுத்தானே ஒருவர் நிற்பார். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் கை நிற்பதற்கு ஆறு ஏழு ஃப்ரேம் முன்னால் வையுங்கள்.

கடைசியாக, மிக்ஸ் பண்ணும்போது மெல்லிய ஒலி கேட்கவில்லை என்று மானிட்டர் வால்யூமை ஏற்றாதீர்கள், ஏற்றினால் மற்றவர் சாதாரண அளவில் பார்க்கும்போது பாதி ஒலி காணாமல் போகும். முந்தைய காட்சியிலிருந்தே ஓட விட்டு, அதே அளவில் கேளுங்கள். பிறகு போனில், ஃபேன் ஓடுகிற அறையில் ஒருமுறை. தாழ்ப்பாள் அங்கே காணவில்லை என்றால் அதன் அளவை ஏற்றுவதற்கு முன், 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸுக்குள் துலங்குகிற இன்னொரு இரும்புச் சத்தத்தை அதன்மேல் லேசாக அடுக்கிப் பாருங்கள்.