இன்ஸ்டாகிராமுக்கு நல்ல நேரம், ராகுகாலம் கிடையாது

பொருள்: இரவு 7.15 விதியை நிறுத்தி வைப்பது பற்றி

வணக்கம் சார்,

திங்கட்கிழமை மீட்டிங்கில் இரண்டு விஷயம் முடிவானது. இனி எல்லா போஸ்ட்டும் இரவு 7.15க்குத்தான் போக வேண்டும் என்பது ஒன்று. ரீச் விழுந்ததற்கு அல்காரிதம் நம் பக்கத்தை அமுக்குவதே காரணம் என்பது இன்னொன்று. இரண்டும் தவறு என்பதால்தான் இந்த மெயில். எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கிற பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள், நாம் மட்டும் ஏமாறவில்லை.

அல்காரிதம் என்று ஒரே ஆள் உள்ளே உட்கார்ந்திருப்பதாக நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அப்படி ஒன்று இல்லை என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரியே 2021 ஜூனில் எழுதினார். ஃபீடு, ஸ்டோரி, ரீல்ஸ், எக்ஸ்ப்ளோர் ஒவ்வொன்றையும் வரிசைப்படுத்தும் முறை வேறு. 2016 வரை ஃபீடு நேர வரிசையில்தான் ஓடியது; கடைசியாகப் போட்டது மேலே நிற்கும். நேரம் பார்த்துப் போடும் பழக்கம் அந்தக் காலத்துச் சரக்கு, அப்போது அதில் நியாயமும் இருந்தது. இப்போது பார்ப்பவருக்கு எது பிடிக்கும் என்ற கணிப்புதான் வரிசையைத் தீர்மானிக்கிறது. Following என்று அவரே தேர்ந்தெடுத்தால் மட்டும் பழைய நேர வரிசை வரும்.

ஃபீடில் புதிய போஸ்ட்டுக்கு இன்னும் கொஞ்சம் மதிப்பு உண்டு. ஆனால் அது மணிக்கணக்கு, நிமிடக்கணக்கு இல்லை. ரீல்ஸ் பெரும்பாலும் நம்மை ஃபாலோ செய்யாதவர்களிடம் போகிறது, அதுவும் பல நாட்களுக்கு. செவ்வாய் காலை போட்டது வெள்ளிக்கிழமை ஒருவர் கண்ணில் பட்டால், நாம் எத்தனை மணிக்குப் போட்டோம் என்பது அங்கே எடுபடாது.

அடுத்து, 7.15 எங்கிருந்து வந்தது? யூடியூபில் சொல்லும் நேரங்கள் பெரும்பாலும் பல ஊர், பல தொழில் கணக்குகளைக் கலந்து எடுத்த சராசரி. நம் பக்கத்தின் இன்சைட்ஸில் Most active times என்ற வரைபடம் இருக்கிறதே என்பீர்கள். அதைத் திறந்து பாருங்கள் சார். தூண்கள் மூன்று மணி நேரத்துக்கு ஒன்றாக நிற்கின்றன, 7.15 என்ற நேரம் அதிலிருந்து கிடைக்கவே வாய்ப்பில்லை. நமக்கு மாலை 6 தூணும் இரவு 9 தூணும் ஏறக்குறைய ஒரே உயரம். மேலும், அந்தத் தூண் சொல்வது ஃபாலோயர்கள் ஆப்பில் இருக்கும் நேரத்தை மட்டுமே. நம் நைட்டி ரீலை அப்போது பார்ப்பார்கள் என்று அது சொல்லவில்லை. நம் பகுதியில் மணலி, எண்ணூர் பக்கம் ஷிஃப்ட் வேலைக்குப் போகிற வீடுகள் நிறைய. அந்த வீட்டின் மாலை ஏழு மணியும் நம் ஆபீஸின் மாலை ஏழு மணியும் ஒன்றல்ல.

“ஆனால் மாலையில் போட்டதெல்லாம் நன்றாகப் போனதே” என்று கேட்டீர்கள். போன இரண்டு மாதப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் காரணம் தெரியும். புடவை கட்டிக் காட்டும் ரீல்கள் எல்லாம் மாலையில் போயிருக்கின்றன. காலையில் போனவை பண்டிகை வாழ்த்துப் படங்களும் கடை விடுமுறை அறிவிப்பும். நல்ல சரக்கை ஒரு தட்டிலும் வாழ்த்து அட்டையை இன்னொரு தட்டிலும் வைத்துவிட்டு, ஜெயித்தது நேரம் என்கிறோம்.

நேரத்தைச் சோதிக்க வேண்டுமானால் இப்படிச் செய்யலாம். ஒரே மாதிரி ரீல்களை இரண்டிரண்டாக எடுங்கள்: இரண்டும் காட்டன் புடவை, இரண்டும் ஏறக்குறைய 20 விநாடி, இரண்டிலும் விலை தெரிய வேண்டும். எது காலை 11 மணிக்கு, எது இரவு 7.15க்கு என்பதை நாணயம் சுண்டித்தான் முடிவு செய்ய வேண்டும். நாமே தேர்ந்தெடுத்தால் பிடித்ததை மாலைக்கு ஒதுக்கிவிடுவோம். வாரத்துக்கு ஒரு ஜோடி, எட்டு வாரம். ஒவ்வொன்றையும் போட்ட ஏழாவது நாள் அதே நேரத்தில் ரீச்சைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் மணி நேர எண்ணைப் பார்க்கக் கூடாது, ஏனென்றால் மாலையில் போட்டது முதல் மணியில் முந்தி, ஏழாம் நாளில் சமமாகிவிடலாம்.

முடிவை வாசிப்பதில்தான் பெரும்பாலும் வழுக்கும். எட்டில் ஐந்து ஜோடியில் மாலை ஜெயித்தது என்று வைத்துக்கொள்வோம். நேரத்துக்கு எந்தச் சக்தியும் இல்லாவிட்டாலும், வெறும் நாணயம் சுண்டினாலே எட்டுக்கு ஐந்தோ அதற்கு மேலோ மாலைப் பக்கம் விழ 36 சதவீத வாய்ப்பு உண்டு. ஆகவே அதை வைத்து விதி போட முடியாது. ஏழோ எட்டோ ஜெயித்தால் கதை வேறு. தற்செயலாக அப்படி நடக்கும் வாய்ப்பு 3.5 சதவீதம்தான். அப்போது 7.15க்கே போடலாம், நானே அலாரம் வைத்துக்கொள்கிறேன். ஆடித் தள்ளுபடி வாரத்தையும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களையும் இந்தச் சோதனையில் சேர்க்க வேண்டாம். கூட்டமே வேறாகிவிடும்.

அமுக்குகிறார்கள் என்ற சந்தேகத்துக்கு ஊகம் தேவையில்லை. செட்டிங்ஸில் Account Status என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஏதாவது பதிவு நீக்கப்பட்டதா, நம் பதிவுகளைப் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கத் தடை உண்டா என்பதெல்லாம் அங்கே தெரியும். இன்று காலை பார்த்தேன், நமக்கு எந்தத் தடையும் இல்லை.

அப்படியானால் ரீச் ஏன் விழுந்தது? 2025 ஜனவரியில் மொசேரி முக்கியமான மூன்று அளவுகளைச் சொன்னார்: எவ்வளவு நேரம் பார்த்தார்கள், பார்த்தவர்களில் எத்தனை பேர் லைக் போட்டார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்பினார்கள். நம்மை அறியாதவர்களிடம் போய்ச்சேர மூன்றாவதுதான் அதிகம் உதவும். நம் ரீல்களில் முதல் நான்கு விநாடி லோகோ சுற்றுகிறது. இன்சைட்ஸில் ஒவ்வொரு ரீலுக்கும் உள்ள பார்வைக் கோட்டைப் பாருங்கள்: லோகோ முடிவதற்குள் கோடு செங்குத்தாக விழுகிறது, புடவை வரும்போது பாதிப் பேர் இல்லை. லோகோவைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, முதல் காட்சியிலேயே முந்தானையை விரித்து விலையைச் சொல்ல வேண்டும்.

ஒப்பிடும்போதும் வெறும் ரீச்சைப் பார்க்க வேண்டாம். உதாரணத்துக்கு, 10,000 பேர் பார்த்த ரீலை 40 முறை அனுப்பியிருந்தால் நூறு பேருக்கு 0.4. இன்னொன்றை 3,000 பேர் பார்த்து 45 முறை அனுப்பியிருந்தால் நூறு பேருக்கு 1.5. இரண்டாவது மாதிரிதான் நமக்கு இன்னும் வேண்டும், எண்ணிக்கையில் சிறியதாகத் தெரிந்தாலும்.

நேரம் நிஜமாகவே முக்கியமான இடங்களும் உண்டு. ஸ்டோரி 24 மணி நேரத்தில் போய்விடும், லைவுக்கு ஆள் அப்போதே வர வேண்டும், “இன்று இரவு வரை மட்டும்” என்ற ஆஃபரைக் காலையிலேயே சொல்லியாக வேண்டும். இவற்றோடு எனக்கு முக்கியமாகப் படுவது, விலை கேட்டு வரும் மெசேஜ். 7.15க்கு கடையில் கூட்டம் நெரிகிறது, போனைத் தொட ஆளில்லை. “பிரைஸ் என்ன” என்று கேட்டவருக்கு மறுநாள் காலை பதினொன்றுக்குப் பதில் போகிறது. பதில் சொல்ல ஒருவர் போனோடு உட்கார்ந்திருக்கும் பிற்பகல் 2 முதல் 4 வரையே இப்போதைக்கு நமக்கு வசதி. சோதனைக்கான ரீல் போகும் மாலைகளில் மட்டும் பில்லிங் பக்கத்திலிருந்து ஒருவரை ஒரு மணி நேரம் விடுவித்துத் தர முடியுமா சார்? முடியும் என்றால் வரும் செவ்வாயே முதல் ஜோடியைத் தொடங்கிவிடலாம்.

நன்றி,
மார்க்கெட்டிங் பிரிவு