முருகனுக்கு வாழ்க்கை வரலாறு எழுதாதீர்கள்

சென்ற மாதம் ஓர் இளைஞர் கோயில் மலருக்கான கட்டுரையைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். அதில் ஒரு வரி: "தெய்வானையை மணந்த முருகன், பின்னர் வடக்கே சென்று பிரம்மச்சாரியானார்." சிரித்துவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதியதும் இதே ரகம்தான்.

பெயர்க் குழப்பம், எழுத்துப் பிழை, ஊர் மாற்றம் ஆகியவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவை கண்ணில் படும், திருத்திவிடலாம்.

எல்லாக் கதைகளையும் ஒரே நூலில் கோப்பது

எரிச்சல் தருவது இதுதான். ஒரு கோயிலின் திருவிழா மலருக்கு முருகனின் "முழு வரலாறு" எழுதினேன். அக்கினியின் மகன் என்று ஒரு நூல், சிவனின் நெற்றிக்கண் பொறி என்று இன்னொன்று. இரண்டையும் ஒட்டவைக்க, "அக்கினி சுமந்த பொறி என்பதால் அவரும் தந்தை எனப்பட்டார்" என்று நானே ஒரு பாலம் கட்டினேன். முந்நூறு படிகள் அச்சாகி வந்தபின், புனேயில் மகனோடு வசிக்கும் ஒரு பெரியவர் கேட்டார்: "அங்கே கார்த்திகேயர் கல்யாணமே செய்துகொள்ளாதவர் ஆயிற்றே, தம்பி. பெண்கள் அவர் சன்னதிக்குப் போகாத ஊரெல்லாம் உண்டு. உங்கள் வரலாற்றில் அவர் எங்கே?" அவர்கள் தவறாகச் சொல்கிறார்கள் என்று பதில் சொன்னேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

நான் ஒட்டவைத்த கதைகளையே பாருங்கள். மகாபாரதத்தின் வன பருவத்தில், ஏழு முனிவர்களின் மனைவியர்மீது அக்கினிக்கு ஆசை. அக்கினியை விரும்பிய சுவாகா, அந்தப் பெண்களின் உருவத்தை ஒவ்வொன்றாக எடுத்து அவனைச் சேர்கிறாள். அருந்ததியின் உருவத்தை மட்டும் எடுக்க முடியவில்லை. ஆகவே ஆறு முறை. பிறந்த ஒரே குழந்தைக்கு ஆறு தலை. கச்சியப்பரின் கந்தபுராணத்தில் சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகள்; உமை அள்ளி அணைக்க ஒன்றாகிறார்கள். ஒன்றில் ஆறு ஏன் வந்தது என்பதற்குக் காரணம். மற்றொன்றில் ஆறு எப்படி ஒன்றானது என்பதற்குக் காரணம். கேள்வியே வேறு. ஒட்டவைத்தால் இரண்டும் கெட்டுப்போகும்.

அதே வன பருவத்தில், இந்திரன் வச்சிரத்தால் ஸ்கந்தனின் விலாவில் அடிக்க, அங்கிருந்து விசாகன் தோன்றுகிறான். நான் அதை வெறும் அற்புதம் என்று தாண்டிப்போனேன். பதஞ்சலியின் மகாபாஷ்யம் என்ற சமஸ்கிருத இலக்கண உரை ஸ்கந்தன், விசாகன் என்று இரண்டு படிமங்களைத் தனித்தனியே சொல்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் குஷாண அரசன் ஹுவிஷ்கனின் பொற்காசுகளில் ஸ்கந்த குமாரன், விசாகன், மகாசேனன் ஆகியோர் பெயரோடு தனித்தனி உருவங்களாக நிற்கிறார்கள். இன்று நாம் ஒரே தெய்வத்தின் பெயர்களாகச் சொல்பவை ஒருகாலத்தில் பல தெய்வங்களுடையவை. விலாவிலிருந்து பிறந்த கதை அந்த இணைப்பின் தழும்பு. நான் வழவழப்பாக்கிய இடத்தில்தான் செய்தி இருந்தது.

திருமணமும் அப்படியே. தேவசேனாபதி என்ற சொல்லைத் தேவர் படையின் தலைவன் என்றும் படிக்கலாம், தேவசேனையின், அதாவது தெய்வானையின், கணவன் என்றும் படிக்கலாம். அவரைப் பிரம்மச்சாரி என்று சொல்பவர்கள் முதல் பொருளைப் பிடித்துக்கொண்டு, படையே அவருக்கு மனைவி என்கிறார்கள். வள்ளியோ இந்தச் சொல்லாட்டத்துக்குள் வராதவள். நற்றிணை 82ஆம் பாட்டில் முருகனோடு வள்ளி ஏற்கெனவே இருக்கிறாள். தினைப்புனமும் களவுமாகக் குறிஞ்சி நிலத்தின் காதல் முறையே அவள் கதை. இலங்கையின் கதிர்காமத்தில் வள்ளியை வேடர் குலத்துப் பெண்ணாகவே கொண்டாடுகிறார்கள். ஒவ்வொரு நிலமும் தன் வீட்டுப் பெண்ணைக் கொடுத்துத் தெய்வத்தை உறவாக்கிக்கொண்டிருக்கிறது.

நிலையையும் வேறுபாட்டையும் ஒன்றாக்குவது

பழனியில் கோவணத்தோடு ஆண்டி, திருப்பரங்குன்றத்தில் மணக்கோலம், சுவாமிமலையில் தந்தைக்கே குரு. இவை ஒரே பக்தர் ஒரே மனத்தில் வைத்திருக்கும் நிலைகள். அவருக்கு எந்த முரணும் இல்லை. தமிழகத்தில் பிள்ளையார் அண்ணன், வடக்கே பல இடங்களில் கார்த்திகேயர் அண்ணன் என்பது வேறு வகை. அங்கே இரு சமூகத்தாரை எதிரெதிரே உட்காரவைத்தால் ஒருவர் மற்றவரைத் திருத்துவார். "இரண்டையும் ஒரே ஆள் ஏற்பாரா?" என்று கேட்டுப் பாருங்கள், பிரித்துவிடலாம்.

"எது அசல்?"

அந்தக் கேள்வியை விடுங்கள். எந்த ஊர், எந்த நூல் என்று கேளுங்கள்.

"கிராமத்துக் கதை, விட்டுவிடலாம்"

விடாதீர்கள்.

அந்த இளைஞரின் கட்டுரையில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன் "கந்தபுராணத்தில்", "மகாராஷ்டிரத்தில்", "கதிர்காமத்தில்" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். "பின்னர்" என்ற சொல் பதினோரு இடங்களில் இருந்தது. பதினொன்றையும் அடித்துவிட்டேன்.