இதய ஜெபமும் மூச்சும்

கிரேக்கத்தின் ஆதோஸ் மலைத் துறவிகள் ஒரே சிறு வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் இதய ஜெபத்தைப் புதிதாக முயல்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள், வார்த்தைக்காக மூச்சை இழுத்துப் பிடிப்பது. தாழ்வான முக்காலியில் தலையைச் சற்றுக் குனிந்து உட்காருங்கள். மூச்சு உள்ளே போகும்போது “ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, கடவுளின் மகனே”, வெளியே வரும்போது “பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்”. மூச்சு தன் போக்கில் போகட்டும், வார்த்தைதான் அதன்மேல் ஏறிக்கொள்ள வேண்டும். வாசகம் மூச்சுக்குள் அடங்கவில்லையா, “இயேசுவே, இரக்கமாயிரும்” போதும். எண்ணிக்கைக்கு அந்தத் துறவிகள் 100 முடிச்சுள்ள கம்பளிக் கயிறு வைத்திருப்பார்கள், முடிச்சுக்கு ஒரு ஜெபம்.

தலை சுற்றினாலோ நெஞ்சு இறுகினாலோ மூச்சை வலிந்து நடத்துகிறீர்கள் என்று அர்த்தம். சரி, மூச்சை மறந்துவிட்டு உதட்டால் மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள். 19ஆம் நூற்றாண்டு ரஷ்யத் துறவி தியோபானும் மூச்சுப் பயிற்சியை வெறும் துணை என்றுதான் வைத்தார்.